சொட்டை விழுந்த புல்தரைக்குப் பசும்புல்: படத்தில் தொலைவும் நிழலும் பிசகாமல் மாற்றுவது எப்படி

வீட்டின் முகப்பைப் படம் எடுத்திருக்கிறோம். சுவரும் மரமும் நடைபாதையும் நன்றாக வந்திருக்கின்றன, ஆனால் முன்னால் உள்ள புல்தரை திட்டுத்திட்டாகக் காய்ந்து, இடையிடையே மண் தெரியக் கிடக்கிறது. வேறொரு படத்திலிருந்து பச்சைப் புல்லை வெட்டி அதன்மேல் ஒட்டிப் பார்த்தால், பெரும்பாலும் தரைமேல் கம்பளம் விரித்தது போலத்தான் தோன்றும். கண் இதை உடனே கண்டுகொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தொலைவுக்கு ஏற்ப புல்லின் அளவு சிறுத்திருக்காது. அல்லது பழைய தரையில் விழுந்திருந்த நிழல் புதிய புல்லின்மேல் இருக்காது. இந்த இரண்டையும் சரிசெய்யும் வழியை ஃபோட்டோஷாப்பை வைத்து இங்கே விளக்குகிறேன். ஜிம்ப் பயன்படுத்துபவர்களும் இதே வரிசையில் செய்யலாம், ஆனால் கட்டளைகளின் பெயர்கள் மாறும், சிலவற்றுக்கு அங்கே வேறு வழி தேட வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரே படத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். அது 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது. படம் எடுத்தவர் கேமராவைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், மேலோ கீழோ சாய்க்காமல் பிடித்திருக்கிறார். புல்தரை படத்தின் அடிவிளிம்பில் தொடங்கி வீட்டுச் சுவரின் அடிவரை செல்கிறது. இடப்புறம் ஒரு மரம் நிற்கிறது. அதன் நிழல் புல்தரையைக் கடந்து நடைபாதையிலும் விழுகிறது.

முதலில் தொடுவானக் கோடு

புல்லைத் தேடப் போகும் முன் படத்தின் தொடுவானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். வீடு மறைத்திருப்பதால் அது நேரில் தெரியாது. நடைபாதையின் இரு ஓரங்களையும் நேர்க்கோடுகளாக மேல்நோக்கி நீட்டினால் அவை ஓரிடத்தில் சந்திக்கும், அந்தப் புள்ளியின் வழியே தொடுவானம் செல்கிறது. நம் படத்தில் கேமரா சாயவில்லை என்பதால் அது சரியாக நடுவில், மேலிருந்து 2000-ஆவது பிக்சலில் வருகிறது. Ctrl+R அழுத்தி அளவுகோலை வரவழைத்து, மேல் அளவுகோலிலிருந்து ஒரு வழிகாட்டிக் கோட்டை இழுத்து அங்கே நிறுத்தி வையுங்கள்.

இந்தக் கோடு கிடைத்தவுடன் படத்துக்குள் ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. சமதரையின் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும், அங்கிருந்து தொடுவானக் கோடு வரை உள்ள உயரம், அந்த இடத்தில் கேமராவின் உயரத்துக்குச் சமம். அதாவது படத்தின் அடிவிளிம்பில் 2000 பிக்சல் என்பது ஒன்றரை மீட்டர். சுவரின் அடி 2300-ஆவது பிக்சலில் இருப்பதால் அங்கே 300 பிக்சலே ஒன்றரை மீட்டர். ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்ட புல் என்று வைத்துக்கொண்டால், அது அடிவிளிம்பில் 80 பிக்சல் உயரமாகவும், 3000-ஆவது பிக்சல் வரிசையில் 40 பிக்சலாகவும், சுவரோரத்தில் வெறும் 12 பிக்சலாகவும் தெரிய வேண்டும். கண்மதிப்பில் இழுத்துச் சுருக்கிக்கொண்டிருப்பதைவிட இந்த மூன்று எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

இந்தக் கணக்கு சமதரைக்கு மட்டுமே பொருந்தும். புல்தரை வீட்டை நோக்கி ஏறிச் சென்றாலோ இறங்கினாலோ அதன் கோடுகள் சந்திக்கும் உயரம் வேறாகிவிடும். அப்போது நடைபாதை ஓரம், வேலியின் அடி என அந்தச் சரிவிலேயே கிடக்கும் கோடுகளை வைத்துத்தான் அளவைப் பிடிக்க வேண்டும்.

எந்தப் புல்லை எடுப்பது

புதிதாகப் பழகுபவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். நேர்மேலிருந்து எடுத்த புல் படம் ஒன்றைத் தேடி எடுத்து, அதை Edit > Transform > Perspective கொண்டோ Filter > Vanishing Point கொண்டோ தரையில் படுக்கவைக்கிறார்கள். ஓடு, கல், செங்கல் போன்ற தட்டையான பரப்புகளுக்கு அந்த முறை மிகச் சரி. புல் தட்டையானது அன்று, அது நிற்கிறது. மேலிருந்து பார்க்கும்போது புல்லின் நுனிகளும் இடைவெளிகளும் தெரியும். நின்றபடி சற்றுத் தள்ளிப் பார்க்கும்போது இடைவெளிகள் மறைந்து தாள்களின் பக்கவாட்டுதான் தெரியும். முதல் வகைப் படத்தைப் படுக்கவைத்தால் தொலைவில் உள்ள புல் நசுங்கிக் கிடைக்கோடுகளாக மாறிவிடுகிறது, அருகில் உள்ளதோ இழுபட்டு மங்குகிறது. ஒருவர் முகத்தின் படத்தை மேசைமேல் கிடத்திவிட்டு ஓரத்திலிருந்து பார்ப்பதைப் போன்றது அது.

ஆகவே, நின்ற நிலையில் எடுத்த புல்தரைப் படமே வேண்டும். அதிலும் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: அதை எடுத்த கேமராவின் உயரம் நம் படத்தின் கேமரா உயரத்தோடு ஒத்திருக்க வேண்டும். முன் சொன்ன அளவுகோலையே வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில், ஆறு சென்டிமீட்டர் புல், அந்த இடத்திலிருந்து தொடுவானம் வரையுள்ள தொலைவில் இருபத்தைந்தில் ஒரு பங்காக இருக்கும். உட்கார்ந்தபடி அறுபது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எடுத்திருந்தால் அதே புல் பத்தில் ஒரு பங்காகிவிடும். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் இந்த விகிதம் மாறாது, ஏனெனில் புல்லும் தொடுவானத் தொலைவும் சேர்ந்தே பெருகும், சேர்ந்தே சுருங்கும். லென்ஸ் வேறுபட்டதைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிச் சரிசெய்யலாம், கேமரா உயரம் வேறுபட்டதைச் சரிசெய்ய முடியாது. அப்படிப் பொருந்தாத படத்தை ஒட்டினால், வீட்டு வாசலில் முழங்கால் அளவுப் புல் வளர்ந்திருப்பது போலத் தோன்றும்.

இரண்டாவது நிபந்தனை, புல் படத்தில் நிழலே இருக்கக் கூடாது என்பது. மேகம் மூடிய நாளில் எடுத்ததே நல்லது. வெயிலில் எடுத்த புல் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் வெயில் ஒரு பக்கத்திலிருந்தும் நம் வீட்டின் வெயில் மறுபக்கத்திலிருந்தும் வந்தால் பின்னால் எதைச் செய்தும் ஒப்பேற்ற முடியாது. புல்லைப் புதிய படத்திலிருந்தும் ஒளியைப் பழைய படத்திலிருந்தும் எடுப்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. இயன்றால் நீங்களே ஒரு நல்ல புல்தரைக்குச் சென்று, கேமராவை அதே உயரத்தில் சாய்க்காமல் பிடித்து நாலைந்து படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் வேலை முடியும்.

பொருத்துதல்

மூலப் படத்தின் லேயரை அப்படியே அடியில் விட்டுவிடுங்கள். அதில் கை வைக்க வேண்டாம், நிழலுக்காக அதனிடம் திரும்பி வர வேண்டியிருக்கிறது. பென் கருவியால் புல்தரையின் எல்லையைச் சுற்றி வரைந்து தேர்வாக்கி, ஒரு வெற்றுக் குரூப்புக்கு அதை மாஸ்க்காகக் கொடுங்கள். நடைபாதையும் மரத்தின் அடியும் சுவரும் மாஸ்க்குக்கு வெளியே இருக்கும். இனிச் செய்யப்போகும் எல்லாம் அந்தக் குரூப்புக்குள்ளேயே நடக்கும்.

File > Place Embedded வழியாகப் புல் படத்தைக் கொண்டுவந்து, அதன் தொடுவானம் நம் வழிகாட்டிக் கோட்டின்மேல் அமரும்படி வையுங்கள். பிறகு Ctrl+T அழுத்தி அளவை மாற்றலாம், ஆனால் தொடுவானம் கோட்டைவிட்டு நகரக் கூடாது. மாற்றம் நடக்கும் மையப்புள்ளியை அந்தக் கோட்டின்மேல் இழுத்து வைத்து, Alt விசையைப் பிடித்தபடி மூலையை இழுத்தால் நகராது. இப்போது எழுதி வைத்த மூன்று எண்களையும் சரிபாருங்கள். அடிவிளிம்பில் 80, நடுவில் 40, சுவரோரத்தில் 12 என்பதற்குச் சற்று முன்பின்னாக இருந்தால் போதும், புல் ஒன்றும் அளந்து வளர்வதில்லை.

புல் படம் அகலம் போதாமல் ஓரங்களில் வெற்றிடம் விட்டால் குளோன் ஸ்டாம்ப் கருவியால் நிரப்பலாம். அப்போது பக்கவாட்டில் மட்டுமே நகலெடுக்க வேண்டும். ஒரு வரிசையில் உள்ள புல்லை அதே வரிசையில் இடமோ வலமோ நகர்த்தினால் அளவு மாறாது. மேலேயோ கீழேயோ கொண்டுபோனால் தொலைவுப் புல் அருகிலும் அருகுப் புல் தொலைவிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சுவரை ஒட்டிய கடைசிப் பட்டையில் புதுப் புல்லே தேவைப்படாமல் போகலாம். அங்கே ஒரு தாள் 12 பிக்சல்தான் என்பதால், மண் தெரியாத இடங்களில் பழைய காய்ந்த புல்லின் நிறத்தை Hue/Saturation கொண்டு பச்சையாக்கினாலே போதும். என் வழக்கம் அதுதான். மூல நிழல் அங்கே தானாகவே தங்கிவிடும்.

நிழலைப் பிரித்தெடுத்தல்

மூலப் படத்தின் புல்தரையைக் கருப்பு வெள்ளையாக்கி Multiply முறையில் புதுப் புல்லின்மேல் வைத்தால் நிழல் வந்துவிடும் என்று பல இடங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. நிழலோடு சேர்ந்து பழைய சொட்டைகளும் வந்துவிடும். நான் முதன்முதலில் செய்து கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, புல்லில் ஏன் ஈரக்கறை போல இருக்கிறது என்று வாங்கியவர் கேட்டார். அவர் காட்டிய ஒவ்வொரு கறையும் மூலப் படத்தில் மண் தெரிந்த இடம்.

எனவே நிழல் எங்கே விழுகிறது என்பதையும், அது எவ்வளவு கருமை என்பதையும் தனித்தனியாகப் பெற வேண்டும். முதலாவதை மூலப் புல்தரையிலிருந்தும், இரண்டாவதை நடைபாதையிலிருந்தும் எடுப்போம்.

முதலாவதற்கு, மூல லேயரின் நகலொன்றை எடுத்து Image > Adjustments > Channel Mixer-இல் Monochrome என்பதைத் தேர்ந்து, பச்சையை மட்டும் 100 ஆக வைத்து மற்ற இரண்டையும் சுழியாக்குங்கள். நம் படத்தில் வெயிலில் காய்ந்த புல் 190, 170, 120 என்றும், எஞ்சியிருந்த பச்சைத் திட்டு 105, 130, 60 என்றும் அளவு காட்டின. சிவப்பில் 85 வேறுபாடு, நீலம் பாதியாகிவிடுகிறது, பச்சையில்தான் இரண்டும் ஓரளவு நெருங்கி நிற்கின்றன. ஆகவே பச்சை அலைவரிசையில் திட்டுகள் மங்கி, நிழல் தெளிவாக நிற்கும். மண் தெரியும் இடங்கள் மட்டும் இன்னும் கருமையாகவே இருக்கும்.

அடுத்து, பழைய புல்லின் சொரசொரப்பு போகுமாறு மங்கலாக்க வேண்டும். புல் அருகில் பெரிதாகவும் தொலைவில் சிறிதாகவும் இருப்பதால் ஒரே அளவு மங்கல் உதவாது. Filter > Blur Gallery > Field Blur-இல் அடிவிளிம்பருகே ஒரு புள்ளியை 20 பிக்சலுக்கும், சுவரோரத்தில் இன்னொன்றை 3 பிக்சலுக்கும் வைத்தால் இடையில் உள்ளது படிப்படியாக மாறும். பிறகு Levels-இல், வெயில் பட்ட தரை முழு வெள்ளையாகவும், நிழலின் நடுப்பகுதி முழுக் கருப்பாகவும் ஆகும்வரை இரு முனைகளையும் நகர்த்துங்கள்.

மிஞ்சிய மண் திட்டுகளைக் கையால்தான் நீக்க வேண்டும். வெயிலில் இருப்பவற்றை வெள்ளை பிரஷ்ஷாலும், நிழலுக்குள் இருப்பவற்றை அருகிலுள்ள நிழலின் சாயலாலும் மூடுங்கள். எது திட்டு, எது நிழல் என்று ஐயம் வந்தால் வண்ணப் படத்தைத் திறந்து பாருங்கள்: நிழல் சற்று நீலம் பாய்ந்திருக்கும், மண் பழுப்பாகவே இருக்கும். நிழல் நடைபாதைமேலும் தொடரும், திட்டு புல்தரையின் ஓரத்தோடு நின்றுவிடும்.

இரண்டாவதற்கு நடைபாதை கைகொடுக்கிறது. அது சாம்பல் நிறமானது, வெயிலிலும் நிழலிலும் ஒரே பொருள். ஐட்ராப்பரை 31 by 31 Average என்று வைத்து வெயில் பட்ட இடத்தில் அளந்தால் 200, 195, 185 என்று வந்தது. நிழலில் 88, 94, 104. நிழல் மதிப்பை வெயில் மதிப்பால் வகுத்து 255 ஆல் பெருக்குங்கள்:

```
88 / 200 × 255 = 112
94 / 195 × 255 = 123
104 / 185 × 255 = 143
```

Multiply முறை சரியாக இந்தப் பெருக்கலைத்தான் செய்கிறது என்பதால், 112, 123, 143 என்ற நிறமே நம் நிழலின் நிறம். நீலம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், நிழலில் வெயில் மறைந்து வானத்தின் ஒளி மட்டும் எஞ்சுவதுதான். வெறும் கருப்பை வைத்து நிழல் போடுபவர்களின் புல் புகையடித்தது போல இருப்பதும் இதனால்தான்.

இனிக் குரூப்புக்குள் புல்லுக்கு மேலே ஒரு Solid Color லேயரை இந்த நிறத்தோடு சேர்த்து, முறையை Multiply ஆக்குங்கள். முன்பு தயாரித்த கருப்பு வெள்ளைப் படத்தை Ctrl+A, Ctrl+C கொண்டு நகலெடுத்து, அதன் லேயரை மறைத்துவிட்டு, Alt விசையைப் பிடித்தபடி Solid Color லேயரின் மாஸ்க்கைச் சொடுக்கி ஒட்டி, Ctrl+I கொண்டு நேர்மாறாக்குங்கள். சுவரோரப் பட்டையில் பழைய புல்லையே விட்டிருந்தால் அங்கே மட்டும் மாஸ்க்கைக் கருப்பாக்குங்கள், இல்லையேல் நிழல் இருமுறை விழும். கண் குறியைச் சொடுக்கி வண்ணப் படத்துக்குத் திரும்பினால் மரத்தின் நிழல் பச்சைப் புல்லின்மேல் விழுந்திருக்கும். புல்லில் உள்ள நிழலும் நடைபாதையில் உள்ள நிழலும் எல்லையில் ஒன்றாகச் சேருகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே முறிவு இருந்தால் பார்ப்பவர் கண் நேரே அங்குதான் போகும்.

விளிம்புகள்

மங்கலாக்கியதால் நிழலின் விளிம்பு இப்போது, தரையில் அளந்தால், எங்கும் ஒரே மென்மையாக இருக்கும். உண்மையில் அது அப்படி இல்லை. சூரியன் வானத்தில் ஏறத்தாழ அரைப் பாகை அகலம் கொண்டது. அதனால் நிழலின் விளிம்பு, அதை உண்டாக்கும் பொருளிலிருந்து எவ்வளவு தொலைவோ அதில் நூற்றுப்பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது மங்கும். மரத்தின் அடியில் விளிம்பு கூர்மை. ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் கிளையின் நிழல் நாலரை சென்டிமீட்டர் மங்கும், 3000-ஆவது வரிசையில் அது 30 பிக்சல். ஆகவே மரத்தடியில் மாஸ்க்கின் விளிம்பைக் கெட்டியான பிரஷ்ஷால் திருத்துங்கள், கிளைகளின் நிழலை அப்படியே விடுங்கள்.

கெட்டியான விளிம்பும் புல்லின்மேல் நேர்க்கோடாக ஓடாது. உயரமான தாள்கள் நிழலுக்கு வெளியே நீண்டு வெயிலைப் பிடிக்கும். Legacy Brushes தொகுப்பில் உள்ள புல் வடிவ பிரஷ்ஷை அந்தந்த வரிசைக்குரிய அளவில் எடுத்து, மாஸ்க்கின் விளிம்பை அங்கங்கே கிள்ளிவிட்டால் போதும். இதே பிரஷ்ஷை நடைபாதை ஓரத்திலும் மரத்தின் அடியிலும் குரூப்பின் மாஸ்க்கில் பயன்படுத்த வேண்டும். புல் கத்தியால் வெட்டியது போல முடியாமல் சில தாள்கள் கல்லின்மேல் சாய வேண்டும், மரப்பட்டையின் அடியைச் சில தாள்கள் மறைக்க வேண்டும்.

வெயில் பட்ட பகுதியும் பச்சையின் அளவும்

மேகமூட்டத்தில் எடுத்த புல் நிழல் பகுதிக்கு அப்படியே பொருந்தும், ஏனெனில் இரண்டிலும் வானத்தின் ஒளிதான் இருக்கிறது. வெயில் பகுதியில் மட்டும் அது தட்டையாகத் தெரியும். நிழல் லேயரின் மாஸ்க்கை நகலெடுத்து நேர்மாறாக்கி ஒரு Curves லேயருக்குக் கொடுத்து, அங்கே மட்டும் மாறுபாட்டைக் கூட்டி, நீலத்தை இம்மி குறைத்துச் சூடேற்றுங்கள். சூரியன் கேமராவுக்கு எதிரே தாழ்ந்திருக்கும் படங்களில் இது உதவாது. அப்போது ஒளி தாள்களை ஊடுருவிப் புல் ஒளிர்கிறது, மேகமூட்டப் புல்லில் அந்த ஒளிர்வை வரவழைக்க முடியாது. அந்த நேரத்தில் எடுத்த புல்லையே தேட வேண்டும்.

பச்சையைக் கூட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். புல்லின் நிறம் நாம் நினைப்பதைவிட மஞ்சளுக்கு நெருக்கமானது. Hue/Saturation-இல் Greens-ஐ நகர்த்தினால் பெரும்பாலும் ஒன்றும் அசையாது, Yellows-ஐ நகர்த்தினால்தான் புல் மாறும். படத்தில் உள்ள மரத்தின் இலைகளை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். சுவர் வெள்ளையாக இருந்தால் அதன் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த புல்லின் மஞ்சள் சாயல் படிந்திருக்கும். அதை மென்மையான பிரஷ்ஷால் மிக இலேசாகப் பச்சைக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, 100 சதவீதப் பெரிதாக்கத்தில் சுவரையும் புல்லையும் மாறி மாறிப் பாருங்கள். சுவரில் கேமராவின் மணல் போன்ற இரைச்சல் இருந்து புல் வழவழப்பாக இருந்தால், Filter > Noise > Add Noise-இல் ஒன்றிரண்டு சதவீதம் சேர்க்க வேண்டும். பிறகு Image > Image Rotation > Flip Canvas Horizontal கொண்டு படத்தைப் பக்கம் திருப்பி, விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் புல்தரை வீட்டை நோக்கிப் படுத்துச் செல்வதாகத் தெரியாமல் சுவர் போல நிமிர்ந்து நின்றால், நடுப்பகுதியில் புல் பெரிதாக இருக்கிறது என்று பொருள். 40 பிக்சல் கணக்குக்குத் திரும்பிப் போங்கள். நிழல் தரையிலிருந்து எழும்பி மிதப்பது போலத் தெரிந்தால், மரத்தடியில் விளிம்பு இன்னும் மங்கலாகவே இருக்கிறது.